சுழற்சியின் நடுவே கிரெடிட் கார்டுக்குப் பணம் கட்டுவது: வட்டிக்கு ஒரு கணக்கு, சிபிலுக்கு வேறொரு கணக்கு

கிரெடிட் கார்டு பில் வருவதற்கு முன்பே, அல்லது பில் வந்த பின்னர் கடைசித் தேதிக்கு வெகுநாள் முன்னதாகவே, கையில் இருக்கும் பணத்தைக் கார்டில் கட்டிவிடலாமா என்று கேட்பவர்களுக்குப் பொதுவாக இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. வட்டி குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். சிபில் ஸ்கோர் ஏறும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டும் பாதி உண்மையே. வட்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கார்டில்தான் முன்கூட்டிய பணம் வட்டியைக் குறைக்கும். மாதந்தோறும் பில்லை முழுவதும் கட்டுகிறவருக்குக் குறைப்பதற்கு வட்டியே இல்லை. ஸ்கோரைப் பொறுத்தவரை, முன்கூட்டிக் கட்டினோமா என்பதைவிட, வங்கி நமது நிலுவையை எந்த நாளில் எடுத்து அனுப்புகிறதோ அந்த நாளுக்கு முன்பு கட்டினோமா என்பதே முக்கியம். ஆகவே இது ஒரே முடிவு அல்ல. முழுத் தொகையையும் கட்டுகிறவருக்கு ஒரு விடையும், நிலுவையை அடுத்த மாதத்திற்குத் தள்ளிக்கொண்டு வருகிறவருக்கு வேறொரு விடையும் இருக்கின்றன. இந்திய வங்கிகளின் கார்டுகளை வைத்து இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

முதலில் தேதிகளை ஒழுங்குபடுத்திக்கொள்வோம். ஒருவருடைய கார்டில் ஒவ்வொரு மாதமும் 12ஆம் தேதி ஸ்டேட்மென்ட் உருவாகிறது. மே 13 முதல் ஜூன் 12 வரை செய்த செலவெல்லாம் ஜூன் 12 பில்லில் சேரும். அதைக் கட்டுவதற்கு ஏறத்தாழ இருபது நாட்கள் கொடுக்கிறார்கள். ஆகவே கடைசித் தேதி ஜூலை 2. இதற்கிடையே ஜூன் 13ஆம் தேதியே அடுத்த சுழற்சி தொடங்கிவிடுகிறது. ஜூன் 13 முதல் ஜூலை 2 வரை, பில் வந்தும் கட்டப்படாத பழைய தொகையும், பில்லுக்கு வராத புதிய செலவும் ஒரே கார்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. பின்னால் வரும் கணக்கின் பெரும்பகுதி இந்த இருபது நாட்களில்தான் அடங்கியிருக்கிறது.

இந்த இடைவெளியில் கட்டும் பணம் எதற்குப் போகிறது என்பதிலும் அடிக்கடி குழப்பம் நேர்கிறது. ஜூன் 20 அன்று ₹25,000 கட்டினால், அது ஜூன் 12 பில்லுக்கான பணமாகவே எடுத்துக்கொள்ளப்படும். அந்தப் பில் முழுவதும் தீர்ந்த பிறகு மிஞ்சும் தொகைதான் புதிய செலவைக் குறைக்கும். எனவே அடுத்த ஸ்டேட்மென்டில் தொகை குறைவாக வர வேண்டும் என்று நினைக்கிறவர், முந்தைய பில்லை முழுதாகத் தீர்த்துவிட்டு, அதற்கு மேலும் கட்டியிருக்க வேண்டும்.

முழுவதும் கட்டுகிறவர்

இவர் கார்டின் வரம்பு ₹1,00,000. கணக்கு எளிதாக இருக்க, நாளொன்றுக்கு ₹2,000 வீதம் சீராகச் செலவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம், மாதத்துக்கு முப்பது நாள் என்று கொண்டால் ₹60,000. ஒவ்வொரு பில்லையும் கடைசித் தேதியில், ஒரு ரூபாய் குறையாமல் கட்டிவிடுகிறார். இவர் செலுத்தும் வட்டி பூஜ்யம். சுழற்சியின் நடுவே கட்டினாலும் பூஜ்யம், பில் வந்த மறுநாள் கட்டினாலும் பூஜ்யம், ஜூலை 2 அன்று கட்டினாலும் பூஜ்யம்தான். வட்டிக்காக முன்கூட்டிக் கட்ட வேண்டிய தேவை இவருக்கு எள்ளளவும் இல்லை.

ஆனால் கடன் அறிக்கையில் இவர் எப்படித் தெரிகிறார் என்று பார்த்தால் நிலைமை வேறு. இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்கள் கடன் தகவல்களைத் தொகுக்கின்றன. முன்பு வங்கிகள் மாதம் ஒருமுறை தகவல் அனுப்பினால் போதும். 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட உத்தரவின்படி, 2025 ஜனவரி 1 முதல், குறைந்தது பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை, அதாவது மாதத்தின் 15ஆம் தேதி நிலையையும் கடைசி நாள் நிலையையும் அனுப்ப வேண்டும் என்று ஆனது. அந்தத் தேதியிலிருந்து ஏழு நாட்களுக்குள் தகவல் போய்ச் சேர வேண்டும் என்றும் அந்த உத்தரவு சொன்னது. இந்த இடைவெளி இன்னும் குறுகினாலும் இங்கே சொல்லப்போகும் கணக்கின் முறை மாறாது. பார்க்க வேண்டிய நாட்கள்தான் கூடும்.

நமது நபர் ஜூலை 2 அன்று கட்டுகிறார். ஜூன் 15 அன்று அவரது கார்டில் பில் தொகை ₹60,000, அதன்மேல் மூன்று நாட்களின் புதிய செலவு ₹6,000, ஆக ₹66,000 நிலுவை. ஜூன் 30 அன்று அதே ₹60,000, அதன்மேல் பதினெட்டு நாட்களின் செலவு ₹36,000, ஆக ₹96,000. ஒரு லட்சம் வரம்பில் 96 சதவீதம். ஒரு நாள்கூடத் தாமதிக்காமல், ஒரு ரூபாய் வட்டிகூடக் கட்டாமல் இருக்கிற மனிதர், வரம்பின் விளிம்பில் நிற்கிறவரைப் போல அறிக்கையில் பதிவாகிறார். மாதச் செலவு வரம்பில் 60 சதவீதம்தானே, பயன்பாடு, அதாவது வரம்பில் நிலுவையாக நிற்கும் பங்கு, அதுவும் 60 சதவீதம்தான் இருக்கும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டு சுழற்சிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் நாட்களில் அது அப்படி இருப்பதில்லை. ஸ்கோர் காரணமில்லாமல் இறங்கியது போலத் தோன்றும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான் என்பது என் கருத்து.

இவர் முன் இன்னும் மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, பில் வந்த மறுநாளே, ஜூன் 13 அன்றே, ₹60,000 முழுவதையும் கட்டிவிடுவது. அப்போது ஜூன் 15 நிலுவை ₹6,000. ஜூன் 30 நிலுவை ₹36,000. 66 சதவீதம் 6 ஆகவும், 96 சதவீதம் 36 ஆகவும் இறங்குகின்றன. இதற்கான விலை, அந்தப் பணம் பத்தொன்பது நாட்கள் முன்னதாகவே சேமிப்புக் கணக்கை விட்டுப் போவது மட்டுமே. சேமிப்புக் கணக்கு வட்டி ஆண்டுக்கு 3 சதவீதம் என்று வைத்தால், இழப்பு சுமார் ₹94.

இரண்டு, பில் வருவதற்கு முன், ஜூன் 10 அன்று ₹50,000 கட்டுவது. ஜூன் 12 ஸ்டேட்மென்டில் ₹10,000 மட்டுமே வரும்; அதை ஜூலை 2 அன்று கட்டிக்கொள்ளலாம். இங்கே ஜூன் 15 நிலுவை ₹16,000. ஜூன் 30 நிலுவை ₹46,000. வட்டி இழப்பு ஏறக்குறைய ₹90, முதல் வழிக்குச் சமம்தான். ஆனால் மாதக் கடைசி நிலுவை முதல் வழியைவிட ₹10,000 அதிகம், ஏனென்றால் பில்லில் மிஞ்சிய பத்தாயிரம் அன்றும் கட்டப்படாமல் நிற்கிறது.

அப்படியானால் பில்லுக்கு முன் கட்டுவதில் பயனே இல்லையா என்றால், வங்கி எந்த எண்ணை அனுப்புகிறது என்பதைப் பொறுத்து இருக்கிறது. எல்லா வங்கிகளும் அன்றைய நாள் முடிவின் நிலுவையை அனுப்புவதில்லை; கடைசி ஸ்டேட்மென்டில் அச்சான தொகையை அனுப்புகிற வங்கிகளும் உண்டு. ஸ்டேட்மென்ட் தொகையை அனுப்பும் வங்கியாக இருந்தால், பில் வந்த மறுநாள் கட்டியவர் 60 சதவீதமாகவும், பில்லுக்கு இரண்டு நாள் முன்பு கட்டியவர் 10 சதவீதமாகவும் பதிவாவார்கள். நடப்பு நிலுவையை அனுப்பும் வங்கியாக இருந்தால் முதல் வழிதான் மேல். ஆகவே எந்த வழி நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. தன் வங்கியின் பழக்கம் எது என்பதை ஒவ்வொருவரும் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

அதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சிபில் அறிக்கையில் ஒவ்வொரு கார்டுக்கும் கீழே Current Balance என்ற தொகையும், அது எந்தத் தேதியின் நிலை என்று Date Reported and Certified என்ற தேதியும் இருக்கும். அந்தத் தேதியில் கார்டில் உண்மையாகவே எவ்வளவு நிலுவை இருந்தது என்பதை ஸ்டேட்மென்டின் வரிகளை வைத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். அறிக்கையின் தொகை அதோடு ஒத்துப்போனால் வங்கி நடப்பு நிலுவையை அனுப்புகிறது. அதற்கு முந்தைய ஸ்டேட்மென்டின் மொத்தத் தொகையோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போனால் ஸ்டேட்மென்ட் தொகையை அனுப்புகிறது. இரண்டு மூன்று கார்டுகள் வைத்திருப்பவர் ஒவ்வொன்றையும் தனியே சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு வங்கியின் பழக்கம் மற்றொன்றுக்குப் பொருந்த வேண்டியதில்லை. பயன்பாட்டு விகிதமும் கார்டுவாரியாகவும், எல்லாக் கார்டுகளின் வரம்பையும் கூட்டி மொத்தமாகவும் பார்க்கப்படுகிறது.

மூன்றாவது வழி, வங்கியின் பழக்கம் எதுவானாலும் பொருந்துகிறது: மாதம் இரண்டு முறை கட்டுவது. ஜூன் 11 இரவு நிலுவை முழுவதையும் தீர்த்துவிட்டால், 12ஆம் தேதி ஸ்டேட்மென்டில் அன்றைய ₹2,000 மட்டும் வரும். 15ஆம் தேதி நிலுவை ₹8,000. மறுபடியும் ஜூன் 28 அன்று எல்லாவற்றையும் கட்டினால் 30ஆம் தேதி நிலுவை ₹4,000. ஸ்டேட்மென்டில் வந்த ₹2,000 உம் அந்த 28ஆம் தேதிப் பணத்திலேயே தீர்ந்துவிடுவதால், கடைசித் தேதிக்கென்று தனியாக எதுவும் மிஞ்சாது. ஸ்டேட்மென்ட் நாள், 15ஆம் தேதி, மாதக் கடைசி என்று எதில் பார்த்தாலும் பயன்பாடு பத்து சதவீதத்தைத் தாண்டாது. வட்டியில்லாக் காலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுப்பதால், மாதம் சுமார் ₹135 சேமிப்பு வட்டி போகிறது. தொகை சிறியதுதான். ஆனால் மாதந்தோறும் தேதிகளை நினைவில் வைத்துக்கொண்டு இருமுறை கட்டுகிற உழைப்பும் அதோடு சேர்ந்தே வருகிறது.

இந்த நான்கில் நான் எதைச் சொல்வேன் என்றால், அடுத்த சில மாதங்களில் வீட்டுக் கடனோ வாகனக் கடனோ கேட்கப்போகாதவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்றே சொல்வேன். பயன்பாட்டு விகிதம், தாமதமாகக் கட்டியதைப் போலப் பல ஆண்டுகள் தனித்து நின்று உறுத்துகிற கறை அல்ல. அடுத்த தகவல் போய்ச் சேர்ந்ததும் நடப்பு எண் மாறிவிடும். புதிய கடன் கேட்காத காலத்தில் அந்த எண் 96 ஆக இருந்தாலும் அவருக்குக் கைநஷ்டம் எதுவும் இல்லை. 30 சதவீதத்துக்குள் வைத்திருங்கள் என்று பரவலாகச் சொல்லப்படுவதும் ஒரு நடைமுறை வழிகாட்டிதான். 29க்கும் 31க்கும் நடுவே சட்டம் கிழித்த கோடு எதுவும் இல்லை. மாதா மாதம் அந்த வரம்பு தாண்டுகிறதென்றால், அவருடைய செலவுக்குக் கார்டு வரம்பு சிறியது என்று பொருள். முழுவதும் கட்டுகிற பழக்கம் உறுதியாக இருப்பவர் வரம்பை உயர்த்தக் கேட்பதே நீண்டகாலத் தீர்வு; ₹2,00,000 வரம்பில் அதே ₹96,000 என்பது 48 சதவீதம்தான்.

முன்கூட்டிக் கட்டியதால் வரும் சிக்கல்

பில்லுக்கு முன் கட்டும் வழியில் ஒரு ஆபத்து இருக்கிறது. அதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜூன் 10 அன்று ₹50,000 கட்டியவரின் ஜூன் 12 பில்லில் ₹10,000 மொத்தத் தொகையும், அதற்கொரு குறைந்தபட்சத் தொகையும் அச்சாகும். இந்த மாதத்துக்கான பணத்தைத்தான் ஏற்கெனவே கட்டிவிட்டேனே என்று அவர் அந்தப் பில்லைத் திறக்காமல் விட்டால், ஜூலை 2 தாண்டியதும் அவர் தவணை தவறியவர். ஸ்டேட்மென்டுக்கு முன் கட்டிய பணம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அந்த ஸ்டேட்மென்டின் குறைந்தபட்சத் தொகைக்கு ஈடாகாது. அது ஏற்கெனவே கழிக்கப்பட்ட பிறகுதான் அந்த ₹10,000 வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி கடைசித் தேதிக்குப் பின் மூன்று நாட்களுக்கு மேல் கடந்தால்தான் தாமதக் கட்டணம் விதிக்கலாம், கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தவணை தவறியதாகவும் தெரிவிக்கலாம். அந்த மூன்று நாட்களும் கடந்துவிட்டால், பயன்பாட்டு விகிதத்தைக் குறைத்து ஈட்டிய நன்மையைவிடப் பல மடங்கு கேடு ஒரே தாமதத்தில் வந்துவிடும். அதோடு ₹10,000 கட்டாமல் நின்றதால் புதிய செலவுகளுக்கும் வட்டியில்லாக் காலம் போய்விடும்.

இதற்குக் காப்பு, மொத்தத் தொகைக்கு ஆட்டோ டெபிட் போட்டு வைப்பதுதான். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பில்லுக்கு முன் கட்டியவருக்கு ஸ்டேட்மென்டிலேயே தொகை குறைந்திருப்பதால், ஆட்டோ டெபிட் அந்தக் குறைந்த தொகையை மட்டும் எடுக்கும், சிக்கல் இல்லை. பில் வந்த பின், கடைசித் தேதிக்கு ஓரிரு நாள் முன்பு கையால் கட்டுகிறவருக்கு, ஆட்டோ டெபிட் கோரிக்கை அதற்குள் வங்கியிலிருந்து கிளம்பியிருந்தால் முழுத் தொகையும் மறுபடி எடுக்கப்படலாம். பணம் தொலைந்துவிடாது, கார்டில் வரவாக நிற்கும். ஆனால் சேமிப்புக் கணக்கில் அந்த வாரம் அந்தப் பணத்தை நம்பி வேறொரு தவணை இருந்தால் அது திரும்பிவிடும். ஆட்டோ டெபிட் வைத்திருப்பவர் கையால் கட்டுவதானால், பில் வந்த முதல் சில நாட்களுக்குள் கட்டிவிடுவது நல்லது.

நிலுவையைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்

இனி இரண்டாவது நபர். இவருக்கு ஜூலை 12 ஸ்டேட்மென்டில், முந்தைய மாதங்களில் முழுதாகக் கட்டாமல் விட்டதன் தொடர்ச்சியாக ₹40,000 நிலுவை இருக்கிறது. கடைசித் தேதி ஆகஸ்ட் 1. கார்டின் வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம், ஆண்டுக்கு 42 சதவீதம். இந்தியக் கார்டுகளில் வெகு சாதாரணமாகக் காணப்படும் விகிதம் இது. வட்டியின்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் கார்டு வட்டிக்கு 30 சதவீத உச்சவரம்பு வைத்திருந்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது.

இவருடைய கணக்கில் வட்டி நாள்தோறும் ஓடுகிறது. அன்றைய நிலுவையை ஆண்டு வட்டியால் பெருக்கி 365ஆல் வகுத்தால் அன்றைய வட்டி கிடைக்கும். ₹40,000க்கு அது நாளொன்றுக்கு ₹46.03, ஜிஎஸ்டி சேர்த்தால் ஐம்பத்து நான்கு ரூபாய்க்கு மேல். இங்கே கடைசித் தேதி என்பது தாமதக் கட்டணத்தைத் தவிர்ப்பதற்கான தேதி மட்டுமே. வட்டி அந்தத் தேதிக்காகக் காத்திருப்பதில்லை.

இவருக்கு ஜூலை 16 அன்று எதிர்பாராமல் ₹15,000 வருகிறது என்று கொள்வோம். ஆகஸ்ட் 1 வரை வைத்திருந்து கட்டுவதா, ஜூலை 17 அன்றே கட்டுவதா? பதினைந்து நாட்கள் முன்னதாகக் கட்டினால் மிச்சமாகும் வட்டி ₹259, ஜிஎஸ்டியோடு ₹305. அதே பணத்தைச் சேமிப்புக் கணக்கில் பதினைந்து நாட்கள் வைத்திருந்தால் 3 சதவீதத்தில் கிடைப்பது ₹18.50. முதல் நபருக்கு முன்கூட்டிக் கட்டுவது சிறிய செலவாக இருந்தது. இவருக்கு அதே செயல் நேரடியான வருவாய். ஸ்டேட்மென்ட் தேதி, 15ஆம் தேதி, மாதக் கடைசி என்று எதையும் இவர் பார்க்க வேண்டியதில்லை. பணம் கைக்கு வந்த நாளே கட்டுகிற நாள். ஒருமுறைதான் கட்ட வேண்டும் என்ற விதியும் இல்லை. ₹5,000 வந்தால் ஐயாயிரம், ஒரு வாரம் கழித்து ₹3,000 வந்தால் மூவாயிரம் என்று பலமுறை கட்டலாம். பில்லுக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே கட்டிய இவை எல்லாம் சேர்ந்து குறைந்தபட்சத் தொகையைத் தாண்டிவிட்டால், தாமதக் கட்டணத்திலிருந்தும் பாதுகாப்பு.

பலருக்குப் புதிராக இருக்கும் இன்னொன்றும் இங்கேதான் விளங்குகிறது. இந்த ₹40,000ஐயும் ஆகஸ்ட் 1 அன்று ஒரே தடவையில் கட்டி முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 12 பில்லில் மீண்டும் ஆயிரம் ரூபாய் சொச்சம் வட்டியாக வந்து நிற்கும். எல்லாவற்றையும் கட்டிவிட்டோமே, இது எங்கிருந்து வந்தது என்று வாடிக்கையாளர் சேவையை அழைக்கிறவர்கள் உண்டு. அது பிழையல்ல. ஜூலை 13 முதல் 31 வரை பத்தொன்பது நாட்கள் அந்த ₹40,000 நிலுவையாகவே இருந்தது. அந்த நாட்களின் வட்டி ₹875, ஜிஎஸ்டி ₹157, ஆக ₹1,032. ஜூலை 12 பில் அச்சாகும்போது அந்த நாட்கள் இன்னும் வரவேயில்லை என்பதால் அந்த வட்டி அடுத்த பில்லில்தான் வர முடியும். ஜூலை 14 அன்றே முழுவதையும் கட்டியிருந்தால் இந்த எச்ச வட்டி ஒரே ஒரு நாளுக்கு, ₹54 மட்டும் வந்திருக்கும். சுழற்சியின் தொடக்கத்தில் கட்டுவதன் முழுப் பலனும் இந்த இரண்டு எண்களின் இடைவெளியில் தெரிகிறது. எச்ச வட்டியைக் கவனிக்காமல் விட்டால் அதுவே அடுத்த மாதத்தின் கட்டப்படாத நிலுவையாகி, மறுபடியும் வட்டியில்லாக் காலத்தைத் தடுக்கும். ஆகவே கடனை முடித்த பிறகும் அடுத்த ஒரு பில்லையாவது வரிவரியாகப் படிக்க வேண்டும்.

நிலுவை இருக்கும்போது அதே கார்டில் புதிதாக வாங்குவது இன்னும் பாதகம். முந்தைய பில்லில் பாக்கி இருந்தால் வட்டியில்லாக் காலம் நிறுத்தப்படும் என்று வங்கிகள் தெரிவித்தாக வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த வாக்கியத்தின் விளைவைப் பலர் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. ஜூலை 18 அன்று இவர் ₹12,000க்குப் பொருள் வாங்கினால், அன்றிலிருந்து ஆகஸ்ட் 12 வரை இருபத்தாறு நாட்களுக்கு ₹359 வட்டி, ஜிஎஸ்டியோடு ₹424. அதே பொருளை டெபிட் கார்டிலோ யுபிஐ வழியாகவோ சேமிப்புக் கணக்கிலிருந்து வாங்கியிருந்தால் இது வந்திருக்காது. கார்டுக்குப் பணம் கட்டிக்கொண்டே அதே கார்டில் செலவும் செய்கிறவர், ஒரு கையால் நிறுத்திய வட்டியை மறு கையால் தொடங்கி வைக்கிறார். பாக்கி தீரும்வரை அந்தக் கார்டை ஒதுக்கி வைப்பது, எந்தத் தேதியில் கட்டுவது என்ற நுணுக்கங்கள் எல்லாவற்றையும்விட அதிகம் மிச்சப்படுத்தும்.

கார்டை வைத்து ஏடிஎம்மில் பணம் எடுத்தவர், மற்றபடி முழுவதும் கட்டுகிறவராக இருந்தாலும், அந்தத் தொகைக்கு மட்டும் இரண்டாவது நபரின் நிலையில்தான் இருக்கிறார். ரொக்கத்துக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. எடுத்த நாள் முதல் வட்டி ஓடும். மாதத் தவணையாக மாற்றிய வாங்குதலுக்கு இது பொருந்தாது. அங்கே அதிகமாகக் கட்டும் பணம் தவணைக் கடனின் அசலைத் தானாகக் குறைப்பதில்லை. கார்டில் வரவாகக் கிடந்து, வரும் பில்களில் கழியும். தவணையை முன்னதாக முடிக்க வேண்டுமானால் வங்கியிடம் அதற்கெனத் தனியே கோர வேண்டும்.

கடன் கேட்கப்போகிறவரின் நாட்காட்டி

இரண்டு நபர்களும் தேதிகளைப் பார்த்தே தீர வேண்டிய தருணம் ஒன்று உண்டு: பெரிய கடனுக்கு விண்ணப்பிக்கும் தருணம். முதல் நபர் ஜூலை நடுவில் வீட்டுக் கடன் கேட்கப்போகிறார் என்றால், வங்கி பார்க்கப்போவது பெரும்பாலும் ஜூன் 30 நிலையை. அவர் வழக்கப்படி ஜூலை 2 அன்று கட்டினால் அறிக்கையில் ₹96,000 நிற்கும். வெறும் நான்கு நாட்கள் முன்னதாக, ஜூன் 28 அன்று புதிய செலவையும் சேர்த்து நிலுவை முழுவதையும் கட்டியிருந்தால் அது ₹4,000. அந்த நிலை ஜூலை 7க்குள் வங்கியிலிருந்து போய்ச் சேர வேண்டும். அறிக்கையில் ஏற இன்னும் சில நாட்கள் ஆகலாம். ஆகவே ஜூலை 14, 15 வாக்கில் தன் அறிக்கையைத் தானே எடுத்துப் பார்த்து, Date Reported and Certified என்ற இடத்தில் ஜூன் 30 வந்துவிட்டதா என்று உறுதி செய்துகொண்ட பிறகு விண்ணப்பிப்பது முறை. தானே தன் அறிக்கையைப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

கட்டிய பணம் கார்டில் ஏறுவதற்கும் நேரம் தேவை. எந்த வழியில் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்து உடனேயும் ஏறலாம், இரண்டு மூன்று வேலை நாட்களும் ஆகலாம். 30ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும் மாதத்தில் 29 இரவு கட்டிவிட்டு நம்பிக்கையோடு இருப்பது சரியல்ல. 26, 27 தேதிகளிலேயே கட்டி, கார்டின் செயலியில் நிலுவை குறைந்திருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன்பின் மாதக் கடைசி வரை அந்தக் கார்டில் பெரிய செலவு எதுவும் செய்யாமல் இருக்க வேண்டும். 28 அன்று கட்டிவிட்டு 29 அன்று ₹45,000க்கு விமான டிக்கெட் எடுத்தால், 30 அன்று பதிவாவது அந்த டிக்கெட்டின் தொகைதான்.

இரண்டாவது நபர் கடன் கேட்பதானால், ₹40,000 நிலுவையை மாதக் கடைசி ஒரு நாளுக்காக மட்டும் நண்பரிடம் கைமாற்று வாங்கிக் கட்டி, மறுநாளே மீண்டும் கார்டிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசிக்கக்கூடும். அறிக்கையின் அந்த ஒரு எண் அழகாக வரும். ஆனால் கடன் தரும் வங்கி ஆறு மாதக் கணக்கு விவரங்களையும் கேட்கும், புதிதாக எடுத்த தொகைக்கு முதல் நாளிலிருந்து 42 சதவீத வட்டியும் ஓடும். அவருக்கு உதவுவது, வருகிற பணத்தையெல்லாம் வந்த நாளிலேயே கட்டி, ஓரிரண்டு சுழற்சிகளில் நிலுவையைத் தீர்த்து, எச்ச வட்டியும் தீர்ந்த முதல் பில் கையில் வந்த பிறகு விண்ணப்பிப்பதுதான்.